மூன்றை அடித்துவிட்டு ஐந்து

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கணக்கு விஷயத்தில் இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் கணக்கு எனக்கும் வராது. வராத ஒன்றை அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேனே, அந்தத் திமிரைப் பற்றித்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள். நான் திட்டிக்கொண்டதில் பாதி கூட இருக்காது.

நானும் என் நண்பனும் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் படித்தோம். நான் வெள்ளானூர். எங்கள் நிலம் பிளாட்டாகிப் போனதும், பையனையாவது ஏதாவது ஒன்றாக ஆக்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே அவசரம். அவன் பூந்தமல்லி. அத்தா என்று அவன் கூப்பிடுகிற அவனுடைய அப்பா பஜாரில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முதல் வருஷம் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், அதனால் முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் ஃபெயிலும் ஆனோம். எம்-ஒன் என்று அதற்குப் பெயர். மற்ற பேப்பர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறிவிட்டன. எம்-ஒன் மட்டும் இரண்டு பேருக்கும் காலில் கட்டின கல் மாதிரி கூடவே வந்தது.

நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எப்படியோ அதைத் தாண்டிவிட்டேன். அவன் தாண்டவில்லை. இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில்தான் இருந்தோம், ஒரே இன்ஸ்பெக்‌ஷன் ரூமில். லேத்தில் கடைந்து வருகிற உருப்படிகளை அளந்து, சரி என்றால் பச்சைத் தட்டில், இல்லை என்றால் சிவப்புத் தட்டில் போடுவது வேலை. டிகிரி கையில் வந்ததும் என்னை நிரந்தரமாக்கி இன்ஜினியர் என்று அட்டை கொடுத்தார்கள். அவன் அதே வேலையை, சொல்லப்போனால் என்னைவிட நன்றாகவே செய்துகொண்டு, ஒப்பந்த ஆளாக இருந்தான். அவன் கையில் மைக்ரோமீட்டர் இருந்தால் நான் இரண்டாம் முறை பார்க்க மாட்டேன், அவ்வளவு நம்பிக்கை.

பரீட்சை எழுதக் காலக்கெடு என்று பல்கலைக்கழகத்தில் ஒன்று உண்டு. அவனுக்கு அது முடிந்து போயிருந்தது. அப்புறம் பழைய ஆட்களுக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு என்று அறிவித்தார்கள், இதற்கு மேல் கிடையாது என்ற வரியோடு. இதில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சுற்றி வளைத்துச் சொல்லத் தேவையில்லை. நாலு வருஷம் படித்தது, ஐம்பதுக்கு மேல் பேப்பர் பாஸ் பண்ணியது, புராஜெக்ட், வைவா எல்லாம் காற்றில் போகும். முப்பது வயதில் அவன் வெறும் பிளஸ் டூ. அவனுடைய அத்தா கடைக்கு வருகிறவர்களிடம், பையன் இன்ஜினியர், ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு அரை மணி. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் அளவு பார்க்கிற கேஜ்களை வைக்கிற இரும்பு பீரோவின் கதவில் சாக்பீஸால் எழுதிச் சொல்லித்தர ஆரம்பித்தேன். வேறு எதையும் தொடவில்லை. அந்தப் பேப்பரில் லிமிட் என்கிற எல்லைக் கணக்கு நிச்சயமாக வரும், அதை வைத்துக் கொஞ்சம், மேட்ரிக்ஸை வைத்துக் கொஞ்சம், ஐம்பது வந்துவிடும் என்று ஒரு மனக்கணக்கு. ஐம்பதுதான் தேவை. ஐம்பத்தொன்று வாங்கி யாருக்குக் காட்டப் போகிறோம்?

அவனுக்கு எங்கே இடறுகிறது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. நடுவே கோடு போட்டு, மேலே x² − 4, கீழே x − 2, x இரண்டை நெருங்கும்போது இதன் எல்லை என்ன என்று எழுதினேன். அவன் ஒழுங்காக இரண்டைப் போட்டான். மேலே பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டான். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னா மச்சான், மேலயும் சைபர் கீது, கீழயும் சைபர் கீது. இத்த எங்கேந்து வகுக்கறது?”

ஒரு வருஷம் பூஜ்யம் என்று விடை எழுதினானாம். மறு வருஷம் ஒன்று என்று எழுதினானாம், மேலும் கீழும் ஒன்றுதானே என்று. அதற்கடுத்த வருஷம் முடிவிலி. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் என்பது விடையே இல்லையடா, இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்பதற்கு அடையாளம், அதனால்தான் புத்தகத்தில் தேறப்பெறாத வடிவம் என்று போட்டிருக்கிறான் என்று கத்தினேன். மேலே உள்ளதை (x − 2)(x + 2) என்று காரணியாகப் பிரித்துக் காட்டினேன். x இரண்டுக்கு அருகில் போகிறதே தவிர இரண்டாகவே ஆவதில்லை, அதனால் x − 2 பூஜ்யம் இல்லை, மேலும் கீழும் அடித்துவிடலாம். மீதி x + 2. இப்போது இரண்டைப் போடு, நாலு. அவன் நாலைப் பார்த்தான், பூஜ்யங்களைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

காரணிப்படுத்துவது அவனுக்கு இருபடி வரைக்கும் வந்தது. முப்படி வந்தால், எந்தக் காரணியை எடுப்பது என்று தேடுவதிலேயே சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதிவிடும். அதனால் இரண்டாவது வாரம் இன்னொரு வழிக்குப் போனேன். பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் வந்தால் மேலே உள்ளதைத் தனியாக வகையிடு, கீழே உள்ளதைத் தனியாக வகையிடு, அப்புறம் போட்டுப் பார். முதல் கணக்கே எடுத்துக்கொள், மேலே 2x, கீழே 1, இரண்டைப் போட்டால் அதே நாலு. அவன் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கவே மாட்டேன். டிஃபரன்ஷியேட் பண்ண அவனுக்கு நன்றாக வரும். பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது, எதற்கு என்றுதான் யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு கூத்து நடந்தது. மேலே, கீழே என்று பார்த்ததும் வகுத்தல் விதியைப் போட்டு, கீழே வர்க்கமெல்லாம் எழுதி ஒரு பெரிய மூட்டையாகக் கட்டிவிட்டான். தனித்தனியாகடா, தனித்தனியாக, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தாலும் சமையல் தனித்தனி என்று சொன்னேன். அது அவனுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தப்பை அவன் செய்யவே இல்லை.

கொஞ்சம் பெரியதாக ஒன்று கொடுத்தேன். மேலே x³ − 3x + 2, கீழே x³ − x² − x + 1, x ஒன்றை நெருங்குகிறது. ஒரு தரம் வகையிட்டான். மேலே 3x² − 3, கீழே 3x² − 2x − 1. ஒன்றைப் போட்டால் மறுபடியும் பூஜ்யம், பூஜ்யம். இன்னொரு தரம். மேலே 6x, கீழே 6x − 2. ஒன்றைப் போட்டால் ஆறின் கீழ் நாலு, அதாவது மூன்றின் கீழ் இரண்டு. ஜோர் என்றேன். அவனுக்கு வேகம் பிடித்துவிட்டது. அங்கே நிற்காமல் இன்னும் ஒரு தரம் வகையிட்டு ஆறின் கீழ் ஆறு, விடை ஒன்று என்று முடித்தான். தலையில் குட்டாத குறையாகச் சொன்னேன், பூஜ்யம் போனதும் நின்றுவிட வேண்டும், பூஜ்யம் இல்லாத இடத்தில் இந்த விதிக்கு வேலையே இல்லை என்று.

பாருங்கள், சொன்னது நான்தான். இந்த வாயால்தான் சொன்னேன்.

ஆனால் அவனுடைய தடுமாற்றம் முதல் படியில்தான் இருந்தது. எண்ணைப் போட்டதும் இரண்டு பூஜ்யம் வரும், வந்ததும் பழைய பயம் வந்துவிடும், பேனா நின்றுவிடும். பரீட்சை ஹாலில் நின்றால் யார் தள்ளிவிடுவார்கள்? பத்து வருஷக் கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் கடையில் தைத்து வாங்கி வைத்திருந்தோம். அரியர் வைத்திருக்கிறவர்களுக்கு அதுதான் புத்தகம், அதுதான் வேதம். அதில் லிமிட் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாமே பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம். நான் பாஸ் பண்ணிய வருஷமும் அப்படித்தான், நான் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்காமல் நேராக வகையிட்டுத்தான் தப்பித்தேன். அந்த அதிர்ஷ்டத்தை நான் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒரு நாள், சாக்பீஸை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முதல் படியே வேண்டாம், போட்டுப் பார்க்காதே என்று சொன்னேன். லிமிட் என்று பார்த்தால் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் வகையிட்டுவிட்டு அதற்கப்புறம் போடு. பூஜ்யம் வந்தால் இன்னொரு தரம். அளவு எடுக்கிற ஆள் அல்லவா, அவனுக்கு உறுத்தியிருக்கிறது.

“மொதல்லயே சைபர் வரலன்னா இன்னா பண்றது?”

“வரும். வராம எங்க போவும்? யுனிவர்சிட்டிக்காரன் சும்மா எல்லாம் கேக்க மாட்டான். போட்ட ஒடனே நம்பர் வந்துச்சுன்னா, நீ எங்கயோ கோட்டை உட்டுட்டேன்னு அர்த்தம். அடிச்சுட்டுத் திரும்பப் போடு.”

அவன் சரி என்றான். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்? நான் தேறியவன். சட்டைப் பையில் அட்டை மாட்டியவன்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ரூமில் கோ, நோ-கோ என்று ஒரு கேஜ் உண்டு. துளையின் அளவு சரியா என்று பார்க்க இரண்டு முனை உள்ள ஒரு கட்டை. ஒரு முனை நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. நுழைத்துப் பார்க்காமல் ஒரு உருப்படியைத் தட்டில் போட்டால் அவனுக்கு அவ்வளவு கோபம் வரும். ஆயிரம் பீஸ் சரியாக வந்திருந்தாலும் ஆயிரத்து ஒன்றாவதை நுழைத்துத்தான் பார்ப்பான். அந்த ஆளிடம் போய், பார்க்காமலே செய் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் அந்த கேஜ்கள் இருக்கிற பீரோவின் கதவிலேயே எழுதி.

பழக்கினேன். ஜெராக்ஸ் கட்டில் இருந்த ஒவ்வொரு லிமிட்டையும் அவன் என் முறைப்படி செய்தான். மேலே x² + 3x + 2, கீழே x + 1, x மைனஸ் ஒன்றை நெருங்குகிறது என்று ஒரு இரண்டு மார்க் கேள்வி பல வருஷம் வந்திருந்தது. மேலே 2x + 3, கீழே 1, மைனஸ் ஒன்றைப் போட்டால் விடை ஒன்று. இந்த ஒன்று மட்டும் அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பரீட்சைக்கு முந்தின வாரம் இருபது கணக்கு கொடுத்தேன், இருபதும் சரி. வாழ்க்கையில் முதல் தரமாக எம்-ஒன் பாஸாகப் போகிறோம் என்று அவனே சொன்னான். நானும் சொன்னேன். கேன்டீனில் இரண்டு டீ வாங்கி நின்றுகொண்டே குடித்தோம்.

பரீட்சை எங்கள் பழைய காலேஜிலேயே, காலை நேரம். நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே, ஹைவேயில் லாரிகள் போகிற சத்தத்தில், மூன்று மணி நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். எங்களுக்குப் பின்னால் பிறந்ததுகள் எல்லாம் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு உள்ளே போயின. அவன் மட்டும் சட்டையை உள்ளே விட்டு, ஆபீசுக்குப் போகிறவன் மாதிரி போனான்.

வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தான். நல்லா பண்ணிக்கீறேன் மச்சான் என்றான். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். மேட்ரிக்ஸ் எல்லாம் வந்திருந்தது. இரண்டு மார்க் பகுதியில் அந்தப் பழைய லிமிட் இருந்தது. மேலே x² + 3x + 2, கீழே x + 1. நானும் ஒரு கணம் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அம்புக்குறிக்குப் பக்கத்தில் பார்த்தேன். x ஒன்றை நெருங்குகிறது. மைனஸ் ஒன்றை அல்ல, ஒன்றை.

ஒன்றைப் போட்டால் மேலே ஆறு, கீழே இரண்டு. விடை மூன்று. அவ்வளவுதான். பூஜ்யமே இல்லை, வகையிடவே கூடாது. வகையிட்டால் மேலே ஐந்து, கீழே ஒன்று, ஐந்து என்று ஒரு தப்பான விடை வரும். கேள்வி போட்டவன் என்னைப் போன்ற ஆட்களைத் தெரிந்துகொண்டுதான் போட்டிருக்கிறான். கேட்காமல் இருக்க முடியவில்லை, இதற்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

“நீ சொன்னாமாரிதான். அஞ்சு.”

கேள்வித்தாளை மடித்து அவனிடமே கொடுத்தேன். ஒரு இரண்டு மார்க்தானே, மற்றதில் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழை என்று எழுதிக்கொள்ளுங்கள். ரிசல்ட் வருகிற வரைக்கும் தினமும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. அவன் அந்த நாட்களில் நன்றாக இருந்தான். அட்டையில் போட்டோ புதிதாக எடுக்க வேண்டுமா, பழையதே போதுமா என்று என்னிடம் கேட்டான்.

நாற்பத்தெட்டு வந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் அவன் போனில்தான் பார்த்தோம். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து ஒருவழியாகத் திறந்தது. அவன் இரண்டு தரம் பார்த்தான், போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான், பாதி அளந்து வைத்திருந்த தட்டை எடுத்து மீதியை அளந்தான். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். இரண்டு மார்க். ஐந்தோ பத்தோ குறைந்திருந்தால் கணக்கு வராத ஜென்மங்கள் என்று விட்டுவிட்டுப் போயிருப்பேன். சரியாக அந்த இரண்டு.

மறுமதிப்பீடு என்று ஒரு வழி இருந்தது. முதலில் விடைத்தாளின் நகலை வாங்க வேண்டும், அதைக் காலேஜில் கணக்கு வாத்தியார் ஒருவர் பார்த்து, மார்க் கூடும் என்று எழுதித் தர வேண்டும். நகல் வந்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். எங்களுக்கு அந்தக் காலத்தில் கணக்கு எடுத்த மேடம் இன்னும் இருந்தார்கள். எங்களை ஞாபகம் இல்லை, ஆனாலும் உட்காரச் சொன்னார்கள். முதலில் நகலை நான் வாங்கிப் புரட்டினேன்.

இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது. ஐந்து மட்டும் இல்லை. ஐந்துக்கு மேலே வேறு ஒன்று எழுதி அடித்திருந்தான். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே ஒரு கோடு, அதன் அடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. x-க்கு ஒன்றைப் போட்டிருந்தான். ஒன்று கூட்டல் மூன்று கூட்டல் இரண்டு, ஆறு. கீழே இரண்டு. விடை மூன்று, அதைச் சுற்றி ஒரு கட்டம். பழக்கம் விடவில்லை, கேஜை நுழைத்துப் பார்த்திருக்கிறான். சரியாக நுழைந்திருக்கிறது. அப்புறம் நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. உடனே நம்பர் வந்துவிட்டது, அப்படியென்றால் எங்கேயோ கோட்டை விட்டோம் என்று மூன்றை அடித்துவிட்டு ஐந்தை எழுதியிருக்கிறான்.

இவனுக்குத் தெரியாததால் போயிருந்தால் அது வேறு. தெரிந்த ஒன்றை இவன் கையிலிருந்து நான் பிடுங்கியிருக்கிறேன்.

மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார்கள். எங்காவது அரை மார்க் விட்டிருக்கிறதா என்று பென்சிலால் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு மேட்ரிக்ஸில் பாதியில் குறி மாறியிருந்தது, அதற்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தார்கள். எங்கும் ஒன்றும் இல்லை. கடைசியில் மறுபடியும் இரண்டாம் பக்கத்துக்கு வந்தார்கள்.

அடித்தது எழுதாததற்குச் சமம், கீழே இருப்பதைத்தான் திருத்துவார்கள், இதற்கு யாரும் மார்க் தர முடியாது என்று மேடம் சொன்னார்கள். குரலில் வருத்தம் இருந்தது. எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை, பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் வந்தால் மட்டுமே காரணியும் வகையிடுதலும், நீங்கள் அதைச் சரியாகத்தானே செய்திருக்கிறீர்கள் என்றார்கள்.

“அப்புறம் ஏன் தம்பி இத அடிச்சீங்க?”

நான் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியில்தான் இருந்தேன், வாயும் இருந்தது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஏதோ பயம் மேடம்.”

இருந்தாலும் மேடம் மனசு கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். மாற்றம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அது வரும் என்று மூன்று பேருக்குமே அன்றைக்கே தெரியும்.

காலேஜிலிருந்து வெளியே வந்து பூந்தமல்லி பஸ்ஸுக்காக நின்றபோதுதான் எனக்கு வாய் வந்தது. நான் சொன்னதால்தானே அடித்தாய் என்று கேட்டேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. சட்டையைப் பிடித்தால்கூட நின்றுகொடுத்திருப்பேன். அவன் நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னா பண்றது மச்சான். பேப்பர்ல கீறது என் கைதானே.”

அவன் பஸ் முதலில் வந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான். கையைக் காட்டினான், அதிலும் குறை வைக்கவில்லை. அவனுடைய அத்தா இப்போதெல்லாம் கடையில் பையனைப் பற்றிப் பேச்செடுப்பதில்லையாம். யாராவது கேட்டால் எஸ்டேட்டில் இருக்கிறான் என்பதோடு சரி.

இப்போதும் ஒரே ரூமில்தான் இருக்கிறோம். மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். பீரோக் கதவை அவனே ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டான். சாப்பிட்டு முடித்ததும் சங்கு ஊதுகிற வரைக்கும் இரண்டு பேரும் போனைப் பார்க்கிறோம்.

போன மாதம் ஆபீசிலிருந்து எல்லா ஒப்பந்த ஆட்களின் விவரப் படிவத்தையும் புதுப்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பழைய படிவத்திலேயே திருத்தி, சரிபார்த்து அனுப்ப வேண்டும். எங்கள் பிரிவுக்குச் சரிபார்க்கிற ஆள் நான். அவன் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டு, மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போனான். கல்வித் தகுதி என்ற இடத்தில் பி.இ., ஒரு பேப்பர் பாக்கி என்று அவன் சேர்ந்த வருஷம் எழுதியது இருந்தது. அதை அடித்திருந்தான். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு, கீழே இருப்பது தெளிவாகத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தான்.

இந்தத் தடவை அவன் அடித்தது சரி. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.